ஞானம்மாள் கொடுத்த அரை மாத்திரை

தாம்பரத்தில் ஒரு பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் ஞானம்மாள் பத்தொன்பது வருஷமாக வார்டன். கட்டினவன் பாதியில் போய்ச் சேர்ந்தான், அன்றிலிருந்து இதுதான் வீடு. பிள்ளைகள் அவளை ‘சீட்டு அக்கா’ என்று கிண்டல் செய்யும். பெற்றவர்கள் எழுதிக் கொடுக்கிற மருந்துச் சீட்டை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி, அதில் உள்ளபடிதான் கொடுப்பாள். ஒரு வேளை கூட அவள் தவறவிட்டதில்லை.

எல்லோரும் ‘பாப்பா’ என்று கூப்பிடுகிற, ஆறாவது படிக்கிற தேவதர்ஷினிக்கு வலிப்பு உண்டு. பம்மலில் லேத் பட்டறையில் இருக்கிற அப்பன் சக்திவேல் போன வருஷம் எழுதிக் கொடுத்த சீட்டு: ‘வலிப்பு மாத்திரை. காலை ஏழு, இரவு எட்டு. சாப்பிட்டதும் அரை.’ லீவு முடிந்து, ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் புது மாத்திரை அட்டைகளையும் விட்டுப்போனான். ஞானம்மாளும் பழையபடியே பாதியாக உடைத்துக் கொடுத்துவந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது பாப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கண் ஒரே இடத்தில். பத்து எண்ணுவதற்குள் சரியாகிவிட்டது. சாயங்காலம் படிக்கிற நேரத்தில் மறுபடி அப்படியே.

ஞானம்மாள் பீரோவைத் திறந்து மருந்து டப்பாவைக் கவிழ்த்தாள். அடியில் போன பருவத்துக் காலி அட்டை ஒன்று கிடந்தது. அதில் ஐநூறு மில்லிகிராம் என்று போட்டிருந்தது. புதுசில் இருநூற்றைம்பது. அதிலும் அரைதான் கொடுத்திருக்கிறாள். சக்திவேலுக்குப் போன் போட்டாள்.

“மாத்திரை மாறிகீதேப்பா, இன்னா பண்ண?”

“கடைல ஐநூறு இல்லக்கா. இத்த முழுசா போடுன்னான். லீவுல வூட்ல முழுசாதான் குடுத்தோம். சீட்ட மாத்தி எழுதல. நீங்க எவ்ளோ குடுத்தீங்க?”

“அஞ்சு நாளா அரைதான்.”

வந்துகினே இருக்கேன் என்றான் சக்திவேல்.

டாக்டருக்கும் போன் போட்டுக் கேட்டாள். விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது, இன்றிலிருந்து முழுசாகக் கொடுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது நல்லது என்றார். அப்பன் வந்ததும் கிளம்பலாம் என்று ஞானம்மாள் பாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கணக்கு நோட்டில் பென்சில் ஊர்ந்துகொண்டிருந்தது.

ஏழு இருபதுக்குப் பென்சில் நின்றது. பாப்பாவின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது, கை விறைத்தது, பெஞ்சிலிருந்து சரிந்தாள். ஞானம்மாள் தாங்கிப் பிடித்துத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். சாவியைக் கையில் கொடுங்கள் என்று யாரோ கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை, வாயிலும் எதையும் திணிக்க விடவில்லை. 108-க்குச் சொல்லச் சொன்னாள்.

கண் கடிகாரத்திலேயே இருந்தது. ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. பாப்பாவின் உடம்பு இன்னும் வெட்டிக்கொண்டே இருந்தது. வெளியே ஜிஎஸ்டி ரோட்டில் ஹாரன் சத்தம் ஓயவில்லை, அதில் ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் இல்லை.