அந்த "வாங்க" எனக்கில்லை

அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நான் பார்த்த வேலைகளில் முக்கியமானது, பெரிய மனிதர்களை வாசலில் வரவேற்பது. கார் எங்கே நிற்க வேண்டும், கதவை யார் திறப்பது, முதல் எலுமிச்சம்பழத்தை யார் கையில் கொடுப்பது, சால்வைக்கு யார், பூங்கொத்துக்கு யார் என்றெல்லாம் பட்டியல் போட்டுத் தருவேன். என் பட்டியலில் பிழை வந்ததில்லை. வந்தவர்களில் யாரும் என் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டதும் இல்லை.

இப்பேர்ப்பட்ட நான்தான் என் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், என் தங்கை கணவரை "வாங்க" என்று சொல்லாமல் விட்டேன்.

சொல்லவில்லை என்று சொன்னால் தப்பு. சொன்னேன். தங்கையும் அவரும் சீர்த்தட்டோடு படியேறி வந்த அதே நேரத்தில், பின்னால் என் மேலதிகாரியின் கார் வந்து நின்றது. நான் இரண்டு கையும் கூப்பி, "வாங்க, வாங்க" என்றேன். என் கண் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார், விலகி வழிவிட்டார், தட்டை வாசலிலேயே வைத்தார்.

"அந்த வாங்க எனக்கில்லை" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, தன் ஊரான ஆத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சில்லறை விஷயமாகத் தோன்றும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், வந்த ஒவ்வொருவரையும், முகத்தைப் பார்த்து, முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். "வாங்க மாப்பிள்ளை", "வாங்க மாமா", "வா தாயி". மொத்தமாகக் கும்பலைப் பார்த்துச் சொல்லும் "வாங்க வாங்க" கணக்கில் சேராது. அது மேடைப் பேச்சு. அடுப்படியில் இருப்பவள்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படிவரை வந்து ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் போக வேண்டும். சொல்லாவிட்டால் வந்தவர் சோற்றில் கை வைக்க மாட்டார்.

மாப்பிள்ளை ஆறு வருடம் எங்கள் வீட்டுச் சோற்றில் கை வைக்கவில்லை. அவர் வராத வீட்டுக்குத் தங்கையும் வரவில்லை. எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

இந்த வருடம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அத்தை இல்லாமல் கல்யாணமா என்று நானும் மனைவியும் ஆத்தூர் போய் அழைத்தோம். மாப்பிள்ளை "வாங்க மச்சான்" என்று பழுதில்லாமல் சொன்னார், மோர் கொடுத்தார், தோட்டத்துக்குப் போய்விட்டார். தங்கைதான் பஸ் நிறுத்தம்வரை வந்தாள்.

"ஞாயித்துக்கெழம கூட்டியாரேண்ணே. இந்தத் தடவையும் வாசல்ல ஒரு வார்த்த கேக்கலன்னா அம்புட்டுத்தான். கல்யாணத்துக்கும் வர மாட்டாரு, நானும் வர முடியாது."

நான் வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டேன். பழக்கம். கேட் முதலிலேயே திறந்திருக்க வேண்டும், வருபவர் கொண்டியைத் தொடக்கூடாது. நான் படியிறங்கிப் போய்ச் சொல்வேன். பின்னால் மனைவி "வாங்கண்ணே", மகன் "வாங்க மாமா", மகள் அத்தைக்குத் தனியாக ஒன்று, மாமாவுக்குத் தனியாக ஒன்று. கையில் உள்ள பையை மகன் வாங்கிக்கொள்ள வேண்டும். மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்காரச் சொல்ல வேண்டும், உட்கார்ந்த பிறகு போடக்கூடாது. தண்ணீர் கேட்காமலே வர வேண்டும். "என்ன விஷயம்" என்றோ, "எத்தனை மணி பஸ்ஸுக்குப் போறீங்க" என்றோ யாரும் வாய் திறக்கக்கூடாது. டிவி ஓடக்கூடாது. மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டாள்.

அப்புறம் நான் அடித்த கூத்துதான் பெரிது. பெரிய மனிதர்களை எல்லையிலேயே போய் எதிர்கொள்வது மரபு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் போய், ஆத்தூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில் துண்டும் தோளுமாக நின்றேன். மூன்று பஸ் வந்தது. மூன்றிலும் அவர்கள் இல்லை. மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

தங்கை தெருமுனையில் பூ வாங்க இறங்கிக்கொள்ள, அவர் மட்டும் தேங்காய்ச் சாக்கோடு வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். தலையில் ஹெல்மெட். நான் திறந்து வைத்துவிட்டுப் போன கேட்டை யாரோ பொறுப்பாகச் சாத்தியிருக்கிறார்கள். கேட்டில் என் மகன் மாட்டிவைத்த கேமரா மணி இருக்கிறது. அமுக்கினால் வந்தவர் முகம் அவன் போனில் தெரியும், அங்கிருந்தே அவன் பேசலாம். உள்ளே வராமலே ஆட்களைத் திருப்பி அனுப்புவதற்கென்று காசு கொடுத்து வாங்கிய பொருள். மகன் அப்போது பிரியாணிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தான். மனைவி குளியலறையில். மகள் மாடியில் யாரோடோ போனில். யாரோடு என்று சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளை மணியை அமுக்கினார். சுவர் பேசியது:

"டெலிவரியாண்ணே? கேட்டுலயே வச்சுட்டுப் போங்க."

அவர் சாக்கை இறக்கிக் கேட்டிலேயே வைத்தார். சொன்னபடி கேட்கிற மனிதர். வண்டியைத் திருப்பினார்.

அந்த நேரம் வாசல் கழுவிக்கொண்டிருந்தவள் எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பெண். பக்கத்து ஊரான அகரத்திலிருந்து வருகிறவள். அவளுக்கு இவர் யாரென்று தெரியாது. நான் போட்ட பட்டியலில் அவள் பெயரும் இல்லை.

"ஏண்ணே திரும்புறீக? வாங்க, உள்ள வாங்க. இம்புட்டு வெயில்ல வந்துட்டு வாசலோட போறதாவது" என்று விளக்குமாற்றை ஓரமாகப் போட்டுவிட்டு, கேட்டைத் திறந்திருக்கிறாள். சாக்கைத் தானே தூக்கி உள்ளே வைத்தாள். நாற்காலியை முந்தானையால் துடைத்தாள், மின்விசிறியைப் போட்டாள், பிறகு "உக்காருங்க" என்றாள். சொம்பில் தண்ணீர். "செத்த நேரத்துல அக்கா வந்துருவாக. வீட்டுல பிள்ளைக சௌக்கியமா?"

என் பட்டியலில் ஒரு வரிகூடத் தவறவில்லை. வரிசைகூட மாறவில்லை.

இதெல்லாம் தெரியாமல் நான் வியர்த்து விறுவிறுத்து வந்து கேட்டைத் தள்ளினேன். முகப்பில் மாப்பிள்ளை. பக்கத்தில் மடி நிறையப் பூவோடு தங்கை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"வாங்க மச்சான்."

என் வீட்டு வாசலில். எனக்கு.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன். ஏற்கெனவே உள்ளே இருக்கிறவரைப் பார்த்து வாசலில் நிற்கிறவன் "வாங்க" என்பதற்கு எந்த விதியும் நான் படித்ததில்லை.

"எங்க போயிட்டு வாரீக?"

"உங்களக் கூப்பிடத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு."

"அங்கயும் யாராச்சும் கார்ல வந்தாகளா?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி ஈரத் தலையோடு ஓடிவந்து "வாங்கண்ணே, வா தாயி" என்றாள். அதற்குள் மகன் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து, சாக்கையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்து, வெளிறிப்போய், "வாங்க மாமா" என்றான்.

"வச்சுட்டேன் தம்பி. சரக்கு வந்துருச்சான்னு சரி பாத்துக்க" என்றார் மாப்பிள்ளை.

சாப்பிட்டார். இரண்டாம் முறையும் போடச் சொன்னார். கை கழுவும்போது என்னிடம், "இந்த வீட்டுல வான்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு இருக்கு மச்சான். அதான் உக்காந்தேன்" என்றார். புறப்படும்போது முதலில் பின்வாசலுக்குப் போய், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் "போயிட்டு வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் பக்கம் வந்தார்.

"கல்யாணத்துக்கு முந்துன நாளே வந்துருவோம்ணே" என்றாள் தங்கை.

"ஒண்ணு மட்டும்" என்றார் மாப்பிள்ளை, வண்டியை உதைத்துக்கொண்டே. "மண்டபத்து வாசல்ல அந்தப் பிள்ளைய நிப்பாட்டுங்க. நீங்க உள்ள மைக்கப் பிடிச்சுக்கங்க."

கல்யாணத்தன்று அவளையே நிறுத்தினேன். மனைவி எடுத்துக் கொடுத்த சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, வந்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராக வாங்க என்றாள். நான் மைக்கில் அனைவரையும் வருக வருக என்று வரவேற்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.