தொடாதே என்று எழுதியிருந்த போர்ட்

கெலுகோரில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நெட்வொர்க் சுவிட்சுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டடத்திலும், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டிய அலமாரிக்குள், பச்சை விளக்குகள் மினுக்க உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டடத்துக் கணினிகள், பிரிண்டர்கள், வைஃபை எல்லாம் அவற்றின் வழியாகத்தான் வெளியே பேசும். நான் சேர்ந்தபோது ஒவ்வொரு சுவிட்சையும் ஒவ்வொரு விதமாக யாரோ கையால் அமைத்திருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

பைத்தான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் நுழைந்து, அதன் அமைப்பைப் படித்து, எந்த போர்ட்டில், அதாவது கேபிள் சொருகும் துளையில், என்ன இருக்கிறது என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பை டெம்ப்ளேட் என்கிற அச்சில் ஊற்றினால் புதிய அமைப்பு தயார். அதை ஆன்சிபிள் என்கிற மென்பொருள் எல்லாச் சுவிட்சுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரு மாத வேலை, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடியும்.

போர்ட்டில் என்ன இருக்கிறது என்பதை ஸ்கிரிப்ட் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு குறிப்பு எழுதலாம். பிசி, பிரிண்டர், வைஃபை என்று தொடங்கும் குறிப்பு இருந்தால் அது பயன்பாட்டில் உள்ள போர்ட். வேறு எதுவாக இருந்தாலும் யாருக்கும் வேண்டாத போர்ட். பாதுகாப்புக்காக மூடிவிட வேண்டும். இந்த விதியை நான்தான் எழுதினேன். கேபிளின் மறுமுனையில் ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று சுவிட்சையே கேட்டிருக்கலாம், அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். குறிப்புகளே போதும் என்று விட்டுவிட்டேன்.

தைப்பூச விடுமுறைக்கு முன்தினம் மதியம் எங்கள் பிரிவின் அண்ணனிடம் அனுமதி கேட்டேன். பதினைந்து வருடமாக அங்கே இருக்கிறவர்.

"லீவுக்கு முன்னாடியா தம்பி? வந்து பாத்துக்கலாம்லா."

"ஆள் இல்லாத நேரம்தான் அண்ணே நல்லது. ஒத்திகை ஓட்டிட்டேன். என்ன மாறப்போகுதுன்னு எல்லாம் அதுல இருக்கு, பாருங்க."

அவர் திரையை உருட்டிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான வரிகள். "இத படிச்சு முடிக்கிறதுக்குள்ள தேரே மலைக்குப் போய்ச் சேந்துடும். நீ பாத்தியா?"

"பாத்தேன்."

உருட்டத்தான் செய்தேன். படிக்கவில்லை.

ஓட்டினேன். ஒவ்வொரு சுவிட்சின் பெயரும் மஞ்சளில் வந்தது, மாற்றம் நடந்தது என்று பொருள். கடைசிச் சுருக்கத்தில் எல்லா வரியிலும் தோல்வி பூஜ்யம். அதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் வளாகத்துக் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் படிக்கிற பெண். ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் வருவாள். பிளாங்காஸ் என்கிற குதிரைலாட நண்டின் முட்டைகள் கடல் ஏற்றத்தின் எந்த நேரத்தில் பொரிக்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தொட்டிக்கு மேலே ஒரு கேமரா, இரவும் பகலும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"அண்ணே, நேத்து சாயங்காலத்துலேருந்து கேமரா படம் வரல. முட்டையெல்லாம் பொரிக்கிற கட்டத்துல இருக்கு. இந்த நேரத்த விட்டா இந்த சீசனே போச்சு."

பந்தலில் உறுமி மேளம் காதைப் பிளந்தது. நான் என் மஞ்சள் வரிகளைத்தான் நினைத்தேன். எல்லாம் சரியாக முடிந்ததே.

"கேமரா ரோசாக் ஆயிருக்கும், கெட்டுப்போயிருக்கும் தங்கச்சி. வயர புடுங்கி மறுபடி சொருகிப் பாரு."

மறுபடி ஒருமுறை அழைத்தாள். மோர் வாளி கையில் இருந்தது, எடுக்கவில்லை. பிறகு திருப்பி அழைக்கவும் மறந்துபோனேன்.

விடுமுறை முடிந்து வந்த காலை அண்ணனிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எந்த கேமரா? முட்டைத் தொட்டி கேமராவா?"

"ஆமா அண்ணே."

"அந்த போர்ட்டுக்கு நான்தான் குறிப்பு எழுதினேன். போற வர்ற காண்ட்ராக்ட் பசங்க மாத்தி விட்டுடக் கூடாதுன்னு. 'ஜங்கான் காச்சாவ், தெலூர்'னு."

தொடாதே, முட்டை. மலாயில். யார் அந்தச் சுவிட்சைத் திறந்து பார்த்தாலும் புரிந்திருக்கும். என் ஸ்கிரிப்டுக்கு மட்டும் அது பிசி இல்லை, பிரிண்டர் இல்லை, வைஃபை இல்லை. மூடிவிட்டது. அந்த கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. போர்ட்டை மூடினால் அதுவும் நின்றுவிடும். குறிப்பையும் அழித்து, 'பயனில்லை' என்று டெம்ப்ளேட் எழுதியிருந்தது.

நான் போர்ட்டைத் திறந்தேன். கேமரா விழித்தது. படத்தில் தண்ணீர் தெரிந்தது, அடியில் கண்ணாடி போன்ற தோல்கள் காலியாகக் கிடந்தன. பக்கத்தில் வாலில்லாத குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் பொரித்து முடிந்திருந்தது. எப்போது என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை.

என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அண்ணன் ஸ்பீக்கரில் அவளை அழைத்துவிட்டார்.

"தங்கச்சி, உன் கேமரா ரோசாக் இல்ல. நாங்கதான் லைன மூடிட்டோம். நானும் பாக்காம சரின்னுட்டேன்."



"அப்ப கேமரா நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"லீவுல பஸ்ஸு ரோடெல்லாம் மூடிட்டாங்க. ஃப்ரெண்டுகிட்ட வேற கேமரா கடன் வாங்கிட்டு, பாதி தூரம் நடந்து வந்து அதே வயருல மாட்டினேன். அதுவும் எரியல. அதான் அந்த அண்ணனுக்கு மறுபடி போன் பண்ணேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அன்று அந்த அழைப்பை எடுத்திருந்தால், இரண்டு கேமராவும் எரியவில்லை என்ற ஒரு வாக்கியம் போதும், கோளாறு கேமராவில் இல்லை என்று எனக்கே தெரிந்திருக்கும்.

"மன்னிச்சிடு" என்றேன். "இன்னொரு தொட்டி இருக்கு. வேற கடற்கரை முட்டை, கொஞ்சம்தான். முதல் தொட்டிக்கு ஈடாகாது. ஆனா இன்னும் பொரிக்கல" என்றாள்.

மதியம் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இரண்டாவது தொட்டி சுவரின் அந்தப் பக்கம் இருந்தது. அங்கே இருந்த போர்ட்டும் மூடித்தான் கிடந்தது. கையால் திறந்தால் மட்டும் போதாது, அடுத்த முறை ஆன்சிபிள் வந்து மறுபடி மூடிவிடும். அதனால் மடிக்கணினியை முக்காலியில் வைத்து, சுவிட்சின் கோப்பில் இந்த போர்ட்டை எழுதினேன். விதியையும் மாற்றினேன். அவள் கேமராவைத் தொட்டிக்கு மேலே கட்டிக்கொண்டே கேட்டாள்.

"இனிமே அது என்ன பண்ணும்?"

"தெரியாத குறிப்பப் பாத்தாலும், மறுமுனையில உயிர் இருந்தாலும், மூடாது. நின்னு கேக்கும்."

"யார கேக்கும்?"

"என்னத்தான். போன்ல கூப்பிடும்."

கம்பியை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"நீங்க எடுப்பீங்களா அண்ணே?"