என் காலடி, அவள் கணக்கு

நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் சர்வேயர் வேலை பார்த்தவன் நான். டேப்பைப் பிரிக்காமல் நடந்தே தூரம் சொல்லிவிடுவேன். என் ஒரு காலடி எழுபத்தைந்து சென்டிமீட்டர். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

மனைவிக்குச் சர்க்கரை ஏறியபோது, தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கணும், குறையலன்னா இன்சுலின் ஊசிதான் என்றார் டாக்டர். ஊசி என்றாலே அவளுக்கு நடுக்கம். காலடி எண்ணும் வாட்ச் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டேன். காலடி நீளம் எவ்வளவு என்று போன் கேட்டது. யோசிக்கவே இல்லை, எழுபத்தைந்து என்று போட்டேன்.

மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் நடந்தாள். மழைக்குக்கூடக் குடையோடு கிளம்பினாள். வாட்சில் நாலு வந்த பிறகுதான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்புவாள். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாள் என்று டாக்டர் முன்னாலேயே சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. அன்றே ஊசி எழுதிக்கொடுத்தார்.

நிஜமாகவே நடக்கிறாளா என்று பார்க்க, மறுவாரம் அவள் நடக்கும் ஸ்டேடியத்துக்கு நானும் போனேன். நானூறு மீட்டர் ஓடுபாதை. ஒரு சுற்று முடிந்ததும் அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். எண்ணூறு காலடி, தூரம் அறுநூறு மீட்டர் என்றது வாட்ச்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். நானூறு மீட்டருக்கு எண்ணூறு அடி என்றால், அவள் காலடி ஐம்பது சென்டிமீட்டர். என் தோளுக்கு எட்டாத உயரம், கணுக்காலைத் தொடும் சேலை, வேறெப்படி இருக்கும்? வாட்ச் நாலு கிலோமீட்டர் காட்ட ஐயாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் அடி போதும். அவள் காலுக்கு அது இரண்டே முக்கால்கூட இல்லை. எட்டாயிரம் அடி நடந்திருக்க வேண்டியவள் அவள். எத்தனை பேருக்கு அளவு சரிபார்த்துக் கொடுத்தவன், வீட்டில் கோட்டை விட்டேன்.

பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் அழவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து முன்னாடியேதான் போய்க்கினு இருக்கீங்க. ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா, என் கால் எவ்ளோன்னு தெரிஞ்சிருக்குமுங்க."

போனை எடுத்து எழுபத்தைந்தை அழித்து ஐம்பது என்று போட்டேன். இன்னும் ஒன்பது சுற்று பாக்கி என்று அவள் எழுந்தாள். பக்கத்தில் நடந்தேன். இரண்டு தடவை என்னையறியாமல் முன்னே போய்விட்டு, நின்று அவளுக்காகக் காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊசியை எடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.