அண்ணன் வெள்ளையடித்துக் கொடுத்த சீர்

ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் அளவு ஏறி, கக்கூஸ் தொட்டியும் பொங்கி அதோடு கலந்துவிட்டது. வடிந்த பிறகு மகளை வாலாஜாபாத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தேன். அவளுக்கு வீசிங். அந்த வீட்டை அவள் மூச்சுக்கு ஆகும்படி செய்யவேண்டும், எனக்கு வேறு கவலையில்லை.

மெயின் சுவிட்சை அணைத்து, பூட்ஸும் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, காய்வதற்குள் சேற்றை வாரிக் கொட்டினேன். பஞ்சு மெத்தையும் உப்பிப்போன பிளைவுட் அலமாரியும் குப்பைக்குப் போயின. மரக்கட்டிலைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து நிழலில் காயவைத்தேன். தரையையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். சேற்றின் மேல் கொட்டினால் அது வேலை செய்யாது. பக்கத்து வீட்டுக்காரி ஆசிட்டையும் சேர்த்து ஊற்றச் சொன்னாள். இரண்டும் கலந்தால் கிளம்பும் புகை ஆளையே சாய்த்துவிடும் என்று விரட்டிவிட்டேன்.

சுவர்தான் பாக்கி. தண்ணீர்க்கறைக்கு மேல் ஒரு அடிவரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் நன்றாகக் காயும்வரை சும்மா விடவேண்டும். என் அண்ணன் கொத்தனார்.

"நான் பாத்துக்கிறேன், நீ பாப்பாகூடப் போயி இரு" என்றான். நம்பிச் சாவியைக் கொடுத்தேன்.

பொங்கலுக்குத் திரும்பினால் வீடு பால்போல இருந்தது. கரும்பும் மஞ்சள் கொத்துமாகச் சீர் கொண்டுவந்தவன், "கொத்தி, காயவெச்சி, பூசி, பெயின்ட் அட்ச்சிக்கீறேன். இதுவும் சீர்தான்" என்றான். தெரு முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். எனக்குத்தான் அறிவு எங்கே போயிற்று!

பத்தாம் நாள் மகளுக்கு நெஞ்சு கீச்சென்றது. கட்டிலை இழுத்தேன். சுவரில் கொப்புளம் கொப்புளமாய்ப் பெயின்ட். நகத்தால் கீறினால் பழைய பூச்சு அப்படியே இருந்தது, ஈரம் சொதசொதவென்று, அதன்மேல் கறுப்பாய்ப் பூஞ்சை. சாக்கடை நாற்றமும் வந்தது. ஓர் இடத்தில்கூட உளி படவில்லை.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு மூச்சு இறங்க மருந்துப்புகை வைத்து, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். வெள்ளத்தின்போது தண்ணீர் அங்கேயும் ஏறியிருந்தது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான்.

கூடத்தில் நான்கு சுவரிலும் இடுப்புயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்திருந்தது. செங்கல் வெறுமையாய் நிற்க, ஜன்னல்கள் திறந்திருக்க, டேபிள் ஃபேன் ஒன்று சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா அண்ணி இது?" என்றேன்.

"பொங்கலுக்காவது வெள்ள அடிங்கன்னு கெஞ்சினேன்மா. உங்க அண்ணன் கேக்கலியே" என்று அலுத்துக்கொண்டாள் அண்ணி, ஒன்றும் தெரியாதவளாய். "ஈரத்துமேல அட்ச்சா கொழந்தைங்க மூச்சுக்கு ஆவாது, இன்னும் ரெண்டு மாசம் காயட்டும்னு சொல்ட்டாரு."

என் தோளில் சாய்ந்திருந்த மகள் இருமினாள்.