பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிப்பு

யுத்த காலத்தில், துறைமுகத்தில் கிரேன் சங்கிலி அறுந்து என் கணவருடைய அக்காவின் புருஷன் இறந்துபோனார். நஷ்டஈடாக ஆயிரம் ரூபாய் வந்தது. அக்காவுக்கு ஒரே மகள், ஆறு வயது. அந்தப் பணத்தில் மகளுக்கு நகை வாங்கி வைத்துவிட அக்கா நினைத்திருந்தாள். தடுத்தது நான்தான்.

அப்போது ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்மண்டபம் பக்கம் ஒரு சேமிப்பு நிதியில் நூற்றுக்கு ஆறு வட்டி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாங்கியில் மூன்றுதான்.

"எழுபத்திரண்டை வட்டியால வகுக்கணும்க்கா. மூணு வட்டின்னா இருபத்திநாலு வருஷம். ஆறுன்னா பன்னிரண்டு. பன்னிரண்டு வருஷத்துல உங்க ஆயிரம் ரெண்டாயிரம் ஆயிடும்."

"மெய்யாலுமா? நாம ஒண்ணுமே பண்ணாம அதுவா ரெட்டிக்குமா?"

அவள் நம்பாததைப் பார்த்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. மடக்கை அட்டவணையை எடுத்து வந்தேன். ஒரு ரூபாய் வருஷத்துக்கு 1.06 ஆகிறது. அதையே எத்தனை முறை பெருக்கினால் இரண்டு வரும்? இரண்டின் மடக்கை .3010. அதை 1.06-இன் மடக்கையான .0253-ஆல் வகுத்தேன். 11.9 வந்தது. பன்னிரண்டு வருஷம் முடிய ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருக்கும்போதே பணம் இரட்டித்துவிடும். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அச்சடித்த எண்கள் நிறைந்த அந்தப் பக்கத்தைப் பார்த்து, "நீ சொன்னா செரிதான்" என்றாள். அடுத்த நாளே பணத்தைக் கட்டினோம்.

மகளுக்குப் பதினெட்டு ஆனதும் நல்ல வரன் வந்தது. ரெண்டாயிரத்தை நம்பி அக்கா எல்லாம் பேசி முடித்தாள். தாளில் கைநாட்டு வைத்து, பணத்தை வாங்கிவர என்னை அனுப்பினாள். குமாஸ்தா ஆயிரத்து எழுநூற்று இருபது ரூபாயை எண்ணி வைத்தார்.

"தப்பா இருக்குங்க. ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலேயே வரணும்."

"வருஷா வருஷம் வட்டியை வாங்கிக்கலாம்மா. வாங்கலன்னா பத்திரமா வச்சிருப்போம். அந்த வட்டிக்கு வட்டி கிடையாது. பாஸ்புக் பின்னாடியே போட்டிருக்கு, பாருங்க."

போட்டிருந்தது. நான் படிக்கவே இல்லை. அறுபது ரூபாய் வட்டி ஒவ்வொரு வருஷமும் அசலோடு சேரும் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். எழுபத்திரண்டும் மடக்கையும் கூட்டுவட்டிக்கு உரியவை. இது தனிவட்டி. பன்னிரண்டு அறுபது எழுநூற்று இருபது, அவ்வளவுதான். இரட்டிக்கப் பதினாறு வருஷம் எட்டு மாதம் ஆகும். என் வகுப்புப் பெண்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

வீட்டுக்குப் போகாமல் அடகுக் கடைக்குப் போனேன். என் தங்க வளையல்களை வைத்து இருநூற்றெண்பது ரூபாய் வாங்கி, அக்காவிடம் முழுசாக ரெண்டாயிரத்தைக் கொடுத்தேன். அவள் என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அதற்கு அடுத்த வாரம் அக்கா மீன் விற்கும் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு வந்தாள். இருவர் முந்தானையிலும் பணம் முடிந்திருந்தது.

"இவ சொன்ன மாரியே பன்னண்டு வருஷத்துல ரெட்டிச்சு கீது. இவங்களுக்கும் கணக்கு போட்டுச் சொல்லும்மா, கட்டிட்டு வந்துர்றோம்."

என் பொய் இப்போது வேறு வீடுகளுக்கும் கிளம்பிவிட்டிருந்தது. "அங்க கட்டினா பன்னிரண்டு வருஷத்துல ரெட்டிக்காது" என்று சொல்லிவிட்டேன். தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் விளக்கினேன். அந்தப் பெண்கள் குழப்பத்தோடு எழுந்து போனார்கள். அக்கா போகவில்லை.

"அப்ப எனக்கு மட்டும் எப்டி ரெண்டாயிரம் வந்துச்சு?"

அவள் பார்வை என் கைகளுக்கு வந்தது. கண்ணாடி வளையல்கள் மட்டும்தான் இருந்தன.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு உன் வளையலா? ஏம்மா சொல்லல?"

"தப்பு என்னுதுக்கா."

"கணக்கு தப்பாப் போறது சகஜந்தான். நான் உன்னை நம்பலன்னு நெனச்சா சொல்லாம வுட்டே?"

அவள் நம்பியதால்தான் சொல்லவில்லை. என் கணக்கு பொய்த்ததை அவள் தெரிந்துகொள்வதை என்னால் தாங்கியிருக்க முடியாது. வளையலைவிட அந்தப் பெருமைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து அக்கா இட்லி விற்ற காசில் ஐந்து ரூபாய் கொண்டுவந்து என் கையில் வைக்க ஆரம்பித்தாள். வேண்டாமென்று ஒரு தடவை மறுத்தேன். "என்னைப் பிச்சைக்காரி ஆக்காதே" என்றாள். அதற்குப் பிறகு மறுக்கவில்லை. மாதாமாதம் வாங்கிக்கொண்டேன். சில வருஷங்களில் வளையல்கள் அடகிலிருந்து திரும்பி வந்தன. போட்டுக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை.