முதலில் ஞாபகத்துக்கு வருகிற பேர்

மிளகாய்ப்பொடிக் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று சொன்னது அவன்தான். பரளச்சியில் அவன் வீட்டாருக்கு மிளகாய் விளைகிற கரிசல் இருந்தது. எனக்குச் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த அனுபவம் இருந்தது. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுக்காரர்கள். அருப்புக்கோட்டையில் ஒரு ஷெட்டைப் பிடித்து, பாக்கெட்டில் அவன் தாத்தா பேரைப் போட்டோம். அந்தத் தாத்தாவின் காட்டில் என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அதை நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

விற்பனை மட்டும் பார்த்தால் போதாது, நம்ம பேர் ஜனங்களிடம் எப்படி இருக்கிறது என்று மாதாமாதம் பார்க்கணும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒரே ஒரு தாள். மேலே மாதங்கள். பக்கவாட்டில் நாலு வரி: மிளகாய்ப்பொடி என்றதும் எந்தப் பேர் முதலில் ஞாபகம் வருகிறது, போன மாதம் எதை வாங்கினீர்கள், நம்முடையதை வாங்கியவர்கள் திரும்ப வாங்குவார்களா, கடைகளில் பாக்கெட் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறதா. மாதத்தின் முதல் வாரத்தில், அதே ஊர்களில், அதே வார்த்தைகளில் கேட்கணும். பாக்கெட்டைக் காட்டக் கூடாது. யார் அனுப்பியது என்று சொல்லக் கூடாது. கேட்பதற்கு, முன்பு கணக்கெடுப்பு வேலை பார்த்த ஒரு அக்காவை வைத்தோம். திருச்சுழி, பந்தல்குடி, வீரசோழன், பரளச்சி என்று ஸ்கூட்டியில் சுற்றி வருவார்.

"ஒரு மாசம் கொஞ்சம் ஏறுறது எறங்குறதை வச்சுப் பதறாத. கேக்குற ஆளுக கொஞ்சம்தான், அப்படித்தான் ஆடும். தொடர்ந்து ஒரே பக்கம் போனா அப்பப் பாப்போம்" என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

சுவரெல்லாம் விளம்பரம் எழுதியதில் முதல் வரி மெல்ல ஏறியது. திரும்ப வாங்குவார்களா என்கிற மூன்றாவது வரி இறங்கியது. அடுத்த மாதமும் இறங்கியது. அதற்கடுத்த மாதமும். கூலி மிச்சம் என்று காம்பு கிள்ளாமல் அரைக்கச் சொல்லியிருந்தான் அவன். பொடி மங்கிப் போயிருந்தது.

"ஏலே, காம்பைக் கிள்ளித்தான் ஆகணும்" என்றேன்.

"அந்தக்கா கேக்குற லட்சணம் அப்படி. மொகத்துல ஒரு சிரிப்பு உண்டா? இனிமே நானே போறேன்."

போனான், வெள்ளைக் காரில், அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அந்த மாதம் நாலு வரியும் ஏறின. பரளச்சியில் எங்கள் தெருவில் கேட்ட வீடுகள் ஒன்று பாக்கியில்லாமல் எங்கள் பொடியைத்தான் சொல்லியிருந்தன. அதில் என் அம்மாவும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் வேறு கம்பெனிப் பாக்கெட் இருந்தது. நான் கொண்டுபோய்க் கொடுத்ததைக்கூட அம்மா யாருக்கோ கொடுத்திருந்தாள்.

"பெறகு ஏம்மா அப்படிச் சொன்ன?"

"அவுக வாசல்ல வந்து நின்னு கேக்கைல, உங்க பொடி நல்லால்லன்னு சொல்லச் சொல்றியா?" அம்மா என்னை மடையனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மறுநாள் ஷெட்டில் அவனிடம் சொன்னேன். கேட்கிற ஆள் மாறினால் பழைய மாதங்களோடு இதைச் சேர்த்து வைத்துப் பார்க்க முடியாது, உன்னிடம் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள் என்றேன்.

"அப்ப உங்க ஆளுக எங்ககிட்ட பொய் சொல்றாகன்னு சொல்றியா?"

'உங்க ஆளுக.' பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்த இத்தனை வருசத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஆமா. உங்க அப்பாவுக்குப் பயந்து சொல்றாக."

அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்தத் தாளைக் காட்டித்தான் தூத்துக்குடிப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவரைப் பிடித்தான். பெரிய லோடு போனது. முதல் தடவை விற்றது. இரண்டாவது லோடில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. வண்டு விழுந்த பாக்கெட்டுகளை ஷெட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். நானும் ஒரு மண்வெட்டி பிடித்தேன். கம்பெனியைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசி நான்தான் பேரைக் கெடுத்துவிட்டதாக அவன் ஊரில் சொன்னான். பிரியும்போது அவன் அப்பா, "பேரு எங்களது. நீ ஒன் வழியப் பாத்துக்க" என்றார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மதுரையில் ஒரு வேலைக்குப் போனேன். அவன் கம்பெனி சின்னதாக நடக்கிறது. தாளை மாதாமாதம் போடுகிறானாம், அவனே போய்க் கேட்டு.

நான் எவ்வளவோ சொல்லியும் அம்மா காட்டு வேலையை விடவில்லை. அந்த வருசம் அவன் வீட்டுக் காட்டில் மிளகாய்ப்பழம் எடுக்க எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டை மட்டும் கூப்பிடாமல் தாண்டிப் போனார்கள். அம்மா தூக்குவாளியோடு வாசலில் நின்றிருந்தாளாம். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.