ஒன்றரை டின் தண்ணீர்

கோவிந்தம்மாவுக்கு ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். 1973-இல் முகத்துவாரம் மணல் மூடிப் போய், ஏரிக்குள் இறால் வரத்து நின்றது. புருஷன் இருசப்பன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எண்ணூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போனான். இவள் மகள் ரத்னாவை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டிக்குக் கட்டட வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது.

ரயில் பாதைக்குக் கிழக்கே இரும்புக் கம்பி உருட்டும் தொழிற்சாலை ஒன்றுக்கு ஷெட் கட்டிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் பதினாறு தூண். மேஸ்திரி இராமலிங்கம் அவளைப் பார்த்ததும் ஜல்லிச் சட்டி தூக்கச் சொன்னார். பத்து நாள் தூக்கினாள். பதினோராம் நாள் கலவை மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் காய்ச்சலில் படுத்துவிட, அந்த இடம் கோவிந்தம்மாவுக்கு வந்தது.

சைட் எஞ்சினியர் ஸம்பத்குமார் திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் முதல்முதலாகப் பூட்ஸ் போட்டவர் என்று அவரே சொல்வார். அவர் ஒரு மண்ணெண்ணெய் டின்னை எடுத்து, அதன் பாதி உயரத்தில் ஆணியால் கோடு கிழித்து அவள் கையில் கொடுத்தார்.

"ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒரு டின்னு, அப்புறம் இந்தக் கோடு வரைக்கும் பாதி. ஒன்றரை. மழை பெஞ்சு மணல் ஈரமா இருந்தா எங்கிட்ட கேளு, கொறைச்சுச் சொல்றேன். கூட்டுற பேச்சே கிடையாதும்மா."

அவளும் அப்படியே ஊற்றினாள். கலவை கெட்டியாக விழுந்தது. பலகையால் அடித்த தூண் பெட்டிக்குள் கம்பிகளுக்கு நடுவே அதை இரும்புத் தடியால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். குத்துகிற வேலை மோசஸ் என்ற ஆளுக்கு. நாலு தூண் முடிவதற்குள் அவன் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கொஞ்சம் அசந்தாலும் பலகை பிரிக்கும்போது தூணின் அடியில் ஜல்லி பல்லிளித்துக்கொண்டு நிற்கும். எஞ்சினியர் அந்த இடத்தைக் கொத்தச் சொல்லிப் பூசச் சொல்வார். மேஸ்திரிக்கு முகம் கறுத்துப்போகும்.

பலகை பிரித்த மறுகணம் தூணும் கோவிந்தம்மாவின் பொறுப்பு. சாக்கைச் சுற்றிக் கட்டி, காலை, பகல், சாயங்காலம் என்று ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாக்கு ஒரு நாழிகைகூடக் காயக்கூடாது. இரண்டு வாரத்துக்கு அப்படி. சித்திரை வெயிலில் அவள் கிணற்றுக்கும் தூணுக்கும் நடந்த நடையில் கால் வெடித்தது. ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"சார், மெஷின்ல அரை டின்னு கூட ஊத்துனா கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கினு பாக்குறீங்க. அப்பால நானூறு கொடம் மேல ஊத்தச் சொல்றீங்க. இன்னா சார் இது ஞாயம்?"

ஸம்பத்குமார் சிரிக்கவில்லை. தலைப்பாகையாகக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சிமெண்டு காய்ஞ்சு இறுகுறதுன்னு எல்லாரும் நெனைக்கிறா. அது காயறதில்லம்மா. தண்ணியோட சேர்ந்து வேற ஒரு பொருளா மாறுது. அதுக்கு நாள் கணக்காகும். நாம உள்ள ஊத்துற ஒன்றரை டின்னே அதுக்கு வேண்டியதுக்கு மேலதான். கம்பிக்கு நடுவுல எறங்கணுமேன்னு கொஞ்சம் கூடவே விடறோம். அதுக்கும் மேல ஊத்துனா, சிமெண்டு எடுத்துக்காத தண்ணி நடுவுல எடத்தப் பிடிச்சுண்டு நிக்கும். நாளைக்கு அது வத்திப் போகும். நின்ன எடம் ஓட்டையா நின்னுடும்."

"அப்ப மேல ஊத்துறது?"

"அது காவல். வெயிலும் காத்தும் உள்ள இருக்கிற தண்ணிய உறிஞ்சிண்டு போனா, மாறிண்டிருக்கிற சிமெண்டு பாதியில நின்னுடும். வெளியில ஈரமா இருந்தா உள்ள இருக்கிறது வெளிய வராது."

அவளுக்கு அது நன்றாகவே விளங்கியது. கருவாடு போடுகிறவளுக்கு வெயில் எப்படி உள்ளே இருக்கும் நீரை இழுக்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கட்டுப்பாட்டில் இருந்த சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க ஸம்பத்குமார் சென்னைக்குப் போனார். ஏழாவது, எட்டாவது தூண்களுக்கு அன்றைக்குக் கலவை. முதல் மூட்டையிலேயே மோசஸ் தடியைக் கீழே போட்டான்.

"எறங்கல மேஸ்திரி. கையி பிஞ்சிடும் போல கீது."

இராமலிங்கம் மெஷினுக்கு வந்தார். "கோவிந்தம்மா, ரெண்டு டின்னு முழுசா ஊத்து."

"சாரு ஒன்றரைன்னு சொல்லிக்கீறாரு மேஸ்திரி."

"சாரு வந்து குத்துறாரா? ஊத்தும்மா. சும்மா பேஜாரு பண்ணாத."

அவளை வேலைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஊற்றினாள். கலவை கஞ்சி மாதிரி ஓடி, குத்தாமலே கம்பிகளுக்குள் இறங்கியது. மோசஸ் பீடி பற்றவைத்தான். சற்று நேரத்தில் தூண்களின் தலையில் சாம்பல் நிறத் தண்ணீர் ஒரு விரல் உயரத்துக்கு ஏறி நின்றது. அன்றைய கலவையில் வழக்கம்போல ஆறு இரும்புப் பெட்டிகளையும் நிரப்பினார்கள். கன சதுரமான சின்னச் சின்னப் பெட்டிகள். மறுநாள் அவற்றிலிருந்து இறுகிய கற்களை எடுத்து, சிவப்புப் பெயிண்டில் தூண் எண் எழுதி, தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு வைப்பது கோவிந்தம்மாவின் வேலை. மூன்று கல் ஏழாம் நாளும் மூன்று கல் இருபத்தெட்டாம் நாளும் சென்னைக்குப் போகும். எதற்கென்று அவள் கேட்டதில்லை.

பலகை பிரித்தபோது ஏழும் எட்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. ஒரு ஜல்லி வெளியே தெரியவில்லை. காண்டிராக்டர் முனிகிருஷ்ணன் தடவிப் பார்த்து, "இத்தினி நாளா ஏன் இந்த மாதிரி வரல?" என்றார். இராமலிங்கம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

அவள் மட்டும்தான் அந்தத் தூண்களைத் தினம் தொட்டாள். மூன்றாம் நாள் சாக்கை நகர்த்திக் கட்டும்போது உள்ளங்கையில் மாவு ஒட்டியது. பக்கத்தில் ஆறாவது தூணைத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. வளையலால் கீறிப் பார்த்தாள். ஆறில் வளையல் வழுக்கியது, ஏழில் வெள்ளைக் கோடு விழுந்தது. சென்னையிலிருந்து திரும்பிய ஸம்பத்குமார் இரண்டு முறை அவளைக் கடந்து போனார். இரண்டு முறையும் அவள் குனிந்து குடத்தைப் பார்த்துக்கொண்டாள். ஏழுக்கும் எட்டுக்கும் மற்றவற்றை விட இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றினாள். ஊற்றினால் சரியாகிவிடும் என்று ஓர் எண்ணம்.

ஆறாம் நாள் காலை இராமலிங்கம் தொட்டியருகே வந்தார். கையில் பெயிண்ட் டப்பா.

"ஏழுன்னு எழுதின கல்லுல மூணு, நாளைக்கு லேபுக்குப் போவுது. அத்த சொரண்டிடு. அஞ்சாவது தூணுதுல மூணு மிச்சம் கீது பாரு, அதுல ஏழுன்னு எழுதி முன்னால வை."

"எதுக்கு மேஸ்திரி?"

"அங்க அத்த மெஷின்ல வச்சி நசுக்குவாங்க. எவ்ளோ தாங்குதுன்னு பாப்பாங்க."

அப்போதுதான் அவளுக்கு அந்தக் கற்கள் என்னவென்று தெரிந்தது. டப்பாவை அவள் வாங்கவில்லை.

"மாத்த மாட்டேன் மேஸ்திரி. மேல இரும்பு கூரை வரப்போவுது. கீழ ஆளுங்க வேலை செய்வாங்க."

"நான் தலையில துண்டப் போட்டுக்கினு போவணுமா அப்போ?"

"நீங்க சொன்னீங்க, நான் ஊத்துனேன். ஊத்துனது நானு. நானே போய்ச் சொல்லிடறேன்."

இராமலிங்கம் திட்டுவார் என்று நினைத்தாள். டப்பாவைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எஞ்சினியர் ஷெட்டுக்குப் பின்னால் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பெயிண்ட் டப்பா விஷயம் தவிர. ஸம்பத்குமார் கையைக் கழுவினார். எழுந்து போய் ஏழாவது தூணில் ஆணியால் கீறினார். பிறகு, "கல்லு சொல்லட்டும்" என்றார்.

கல் சொல்லிற்று. மற்ற தூண்களின் கற்கள் ஏழாம் நாளில் சதுர செண்டிமீட்டருக்கு நூற்று நாற்பது கிலோ தாங்கியிருந்தன. இவை எண்பத்தைந்தில் நொறுங்கின. காகிதத்தைப் படித்த முனிகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார்.

"சிமெண்டு கெடைக்கிற காலமா சார் இது? இன்னும் ஒரு மாசம் நல்லாத் தண்ணி விட்டா தேறிடாதா? நம்ம கோவிந்தம்மா ஊத்திடுவா."

"எத்தனை ஊத்துனாலும் முதல் நாள் கலந்ததை மாத்த முடியாது," என்றார் ஸம்பத்குமார். "இருபத்தெட்டு நாள்ல கொஞ்சம் ஏறும். வேண்டிய அளவுக்கு வராது. இன்னும் எளசா இருக்கறப்பவே இடிச்சுடுவோம்."

இடிக்க நாலு நாள் ஆயிற்று. கம்பி வளையாமல் உளியால் கொத்த வேண்டியிருந்தது. மோசஸ்தான் கொத்தினான். அவன் யார் மேலும் கோபப்படவில்லை. குத்தியிருந்தால் இதைவிடக் கை குறைவாக வலித்திருக்கும் என்று மட்டும் சொன்னான். கோவிந்தம்மா உடைந்த துண்டுகளை அள்ளினாள். ஆறாவது தூணிலிருந்து முன்பு கொத்தி எடுத்த சில்லு ஒன்று அங்கே கிடந்தது. அதையும் ஏழின் துண்டு ஒன்றையும் வெயிலில் காயவைத்து, இரண்டின் மேலும் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். ஆறின் சில்லில் சொட்டு முத்துப் போல நின்றது. ஏழின் துண்டில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. ஊற்றிய நூறு குடம் எங்கே போனது என்று அவளுக்குப் புரிந்தது.

தூண்களை மறுபடி போட்டார்கள். ஒன்றரை டின்தான். மோசஸுக்குத் துணையாக இன்னொரு ஆளைப் போட்டு, மாற்றி மாற்றிக் குத்த வைத்தார்கள். பலகை பிரித்தபோது அடியில் ஓரிடத்தில் ஜல்லி தெரிந்தது. பூசினார்கள். மற்றபடி குறையில்லை.

இராமலிங்கம் அந்த வேலை முடிகிற வரை அவளோடு பேசவில்லை. அடுத்த சைட்டுக்கு ஆள் பிரித்தபோது அவள் பெயரைக் கூப்பிடவும் இல்லை. மற்றப் பெண்கள் மூட்டை முடிச்சோடு லாரியில் ஏறியபோது அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று மாதம் ஊரில் நண்டு பொறுக்கினாள். ஸம்பத்குமார் சோழவரம் பக்கம் ஒரு பாலத்துக்கு மாற்றலானதும் ஆள் அனுப்பி அவளை அழைத்தார். தண்ணீருக்கு மட்டும். அங்கிருந்து ஆரணி, அங்கிருந்து பொன்னேரி என்று அவளுக்கு ஓய்வில்லாமல் வேலை இருந்தது. கட்டடக்காரர்கள் அவளைத் தண்ணிக் கோவிந்தம்மா என்றார்கள்.

1978-இல் ஆரம்பாக்கம் சாலையில் சிறுபாலம் ஒன்றை எடுத்திருந்த இராமலிங்கம், பஸ் ஏறி அவள் குப்பத்துக்கே வந்தார். தாடி நரைத்திருந்தது. ரத்னா கொடுத்த மோரைக் குடித்தார்.

"பொட்டி எல்லாம் கட்டியாச்சு. மெஷினாண்ட நம்பி நிறுத்த ஒரு ஆளு இல்ல," என்றார்.

"அந்த டப்பா விஷயத்த நான் சாருகிட்ட சொல்லல மேஸ்திரி."

"தெரியும். சொல்லியிருந்தா நான் இன்னிக்கி மேஸ்திரியா?" டம்ளரைக் கீழே வைத்தார். "டின்னு கணக்கு உன்னுது. நானே கூட ஊத்தச் சொன்னாலும் ஊத்தாத."

மறுநாள் போனாள். சிறுபாலத்தின் மேல்தளம் போட்ட அடுத்த நாள் அதைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டி, உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினாள். இரண்டு வாரம் அது வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் அந்த வழியாக வந்த ஆட்டுக் கூட்டம் பாலத்தின் மேல் ஏறி நின்று குடிக்க ஆரம்பித்தது. மேய்க்கிறவன் பதறிக்கொண்டு ஓடி வந்தான். "குடிக்கட்டும், வரப்ப மட்டும் மிதிக்காம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அவள் கிணற்றுக்கு நடந்தாள்.